திறந்த ஜாடிக்குள் 6M: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஒரு முகக் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மூடி திறந்த சின்ன ஜாடிப் படமும் அதற்குள் 6M என்ற எழுத்தும் இருக்கும். சற்றுத் தள்ளி, மங்கலாக 4152 என்று ஒரு எண் குத்தியிருக்கும். காலாவதி தேதி எங்கும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே கணக்காக்கி, தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று எண்ணுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி எண்ணினால், நன்றாக இருக்கும் கிரீமும் வாங்கிய அன்றே குப்பைக்குப் போகும். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. "திறக்கவே இல்லையே, இன்னும் ஆறு மாதம் முழுசாக இருக்கிறது" என்று ஐந்து வருடம் பழைய டப்பாவைப் பிரிப்பது.

உண்மையில் அந்த டப்பாவில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, ஆலையில் நிரப்பி மூடிய நாளில் தொடங்குகிறது; 4152 போலக் குத்தியிருக்கும் தொகுதி எண் பல சமயம் காட்டுவது அதைத்தான். மற்றது, நீங்கள் முதன்முதலில் மூடியைத் திறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கும். ஜாடிப் படம் அந்த இரண்டாவது கடிகாரத்துக்கு மட்டும் உரியது. M என்பது மாதம். 12M என்றால் திறந்த பின் பன்னிரண்டு மாதம். வாங்கிய தேதிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஏன் இரண்டு கணக்கு? மூடியிருக்கும்வரை உள்ளே நடப்பது மெதுவான வேதிமாற்றம்தான்: எண்ணெய் சிக்கு பிடிப்பது, நீரும் எண்ணெயும் பிரிவது, வாசனை மாறுவது. திறந்துவிட்டால் காற்றும் விரலும் ஈரமும், அவற்றோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. கிரீமில் சேர்த்திருக்கும் பதனப்பொருள் ஒவ்வொரு முறையும் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பதனப்பொருளைச் சோதிக்கும்போது கிருமிகளை வேண்டுமென்றே கிரீமில் கலந்து, 28 நாள் வரை அவற்றின் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஜாடிக்குள் இருக்கும் மாதக் கணக்குக்கு அடிப்படையாவதில் இந்தச் சோதனையும் ஒன்று.

சரி, அந்த 4152-ஐப் படிப்போம். சில நிறுவனங்கள் முதல் எண்ணை ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றை ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் குறிக்கின்றன. இந்த நிறுவனமும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், 4 என்பது 2024, 152 என்பது 152-ஆவது நாள். 2024 லீப் ஆண்டு என்பதால் அது மே 31.

இந்தக் கிரீமை 2026 ஜனவரி 10 அன்று திறந்தீர்கள் என்று வையுங்கள். தயாரித்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் ஆறு மாதக் கணக்கு தொடங்குவது ஜனவரி 10 அன்றுதான். 2026 ஜூலை 10 வரை பயன்படுத்தலாம்.

அதே கிரீமை 2028-இல் அலமாரியின் மூலையிலிருந்து எடுக்கிறீர்கள், சீல்கூடப் பிரியவில்லை. இங்கே 6M எதுவும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். அங்கே 2005 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது: மூடிய நிலையில் 30 மாதம் அல்லது அதற்குக் குறைவாகவே தாங்கும் பொருளுக்குக் காலாவதி தேதி கட்டாயம், 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு அந்தத் தேதி தேவையில்லை, அதற்குப் பதில் ஜாடிப் படம் போட வேண்டும். ஆக, அந்த விதிப்படி அச்சிட்ட டப்பாவில் ஜாடி மட்டும் இருந்தால், "மூடியிருந்தால் 30 மாதத்துக்கு மேல் தாங்கும்" என்று தயாரிப்பாளர் சொன்னதாகத்தான் பொருள். எவ்வளவு மேல் என்று சொல்லவில்லை. நம் டப்பாவுக்கு 30 மாதம் 2026 நவம்பர் இறுதியில் முடிகிறது. அதற்குள் திறந்தால் ஆறு மாதக் கணக்கை நம்பலாம். அதைத் தாண்டி மூடியே கிடந்தது என்றால், தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை முகத்தில் தடவாமல் விடுவதே மேல்.

காலாவதி தேதியும் ஜாடியும் சேர்ந்தே அச்சிட்டிருந்தால் குழப்பமே இல்லை: எது முந்தி வருகிறதோ அதுதான் எல்லை. காலாவதி 2027 மார்ச், 12M, திறந்தது 2026 டிசம்பர் என்றால் மார்ச்சோடு முடிந்தது. ஜாடி ஒன்பது மாதம் கூடுதலாகக் கொடுக்காது. தேதியைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். 05/06/25 என்பது ஒரு நாட்டில் ஜூன் 5, இன்னொரு நாட்டில் மே 6.

தொகுதி எண்ணில்தான் வழுக்கல் அதிகம். பட்டைக்கோட்டுக்குக் கீழே உள்ள நீண்ட எண் தொகுதி எண் அல்ல. அந்தப் பொருளின் எல்லா டப்பாவிலும் அது ஒன்றேதான். தொகுதி எண் பெரும்பாலும் தனியாக, பின்னால் குத்தியதாக இருக்கும்: டியூபின் நசுக்கிய ஓரத்தில், பாட்டிலின் அடியில், அட்டைப்பெட்டியின் மடிப்பில். சின்னப் பொருள்களில் பெட்டியில் மட்டுமே இருக்கும் என்பதால், பெட்டியை வீசுமுன் ஒரு படம் எடுத்துவையுங்கள். எண்ணைப் போட்டால் தேதி சொல்லும் இணையதளங்களை முழுதாக நம்ப வேண்டாம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை அதே எண் திரும்பி வரும். 4152 என்பது 2014 ஆகவும் இருக்கலாம்; லீப் ஆண்டு அல்லாததால் அப்போது அது ஜூன் 1. சில நிறுவனங்களின் எண்ணில் தேதியே கிடையாது, வெறும் வரிசை எண்தான்.

இத்தனை கணக்கும் திறந்த தேதி நினைவில் இருந்தால்தான் உதவும், யாருக்கும் இருப்பதில்லை. அழியாத மைப் பேனாவால் அடியில் தேதி எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடிகள் மாறிப்போகும். திறந்த தேதியைவிட முடியும் தேதியை எழுதுவது இன்னும் வசதி, ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்க வேண்டாம். "கொஞ்சம் மோந்து பார்ப்போம்" என்று தொடங்கிப் பிறகு மூடிவைத்தாலும் அதுதான் முதல் திறப்பு.

ஜாடியில் உள்ள மாதம், சாதாரணமாகப் பயன்படுத்துவதை வைத்துச் சொன்னது. உலர்ந்துபோன மஸ்காராவில் தண்ணீர் விட்டால் பதனப்பொருள் நீர்த்துவிடும். கண்ணை ஒட்டிய பொருள் என்பதால் அந்த நொடியே கணக்கு முடிந்தது என்று கொள்ளுங்கள். பம்ப் பாட்டிலில் இருந்ததை வாயகன்ற டப்பாவுக்கு மாற்றினாலும் பழைய மாதக் கணக்கு செல்லாது. தேதி மிச்சமிருந்தும் நிறம் மாறினாலோ நீர் பிரிந்தாலோ வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள். வாடை வராதது மட்டும் நல்ல சான்று இல்லை, கிருமி பெருகியும் மணம் மாறாமல் இருக்கலாம். சன்ஸ்கிரீனும் அப்படித்தான், காக்கும் திறன் குறைந்தது மூக்குக்குத் தெரியாது.

ஜாடிப் படமே இல்லாத பொருளும் உண்டு. ஸ்பிரே கேன் போலத் திறக்கவே முடியாதவற்றுக்கும் ஒரே தடவைப் பொட்டலங்களுக்கும் அது தேவைப்படாது. அந்தப் பொட்டலத்தில் பாதியைக் கிளிப் போட்டு மறுவாரத்துக்கு வைத்தால், அதற்கு யாரும் மாதம் சொல்லவில்லை.