தம்புரா சுருதி சேர்ப்பது: பஞ்சமத்தில் அந்தக் கடைசி அலை

தந்தி மாட்டிய தம்புரா கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். மீட்டும் வரிசை பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். அதாவது கீழ் ப, ஸ, ஸ, கீழ் ஸ. பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படக்கூடாது. தந்தியின் நடுப்பகுதியில், விரல் சதையால் தடவி விடுவதுபோல் மீட்டுங்கள்.

முதலில் குதிரைமேல் இருக்கும் ஜீவா நூல்களை ஒதுக்கிவிடுங்கள். என் சுருதி ஒரு கட்டை. அதனால் டியூனர் ஆப்பில் சாரணியை `C3`க்குக் கொண்டுவருவேன். பிருடையை இறக்கி நிறுத்தினால் நழுவும், எப்போதும் கீழிருந்து ஏற்றியே நிறுத்துங்கள். சாரணி நின்றதும் போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். அனுசாரணியை சாரணியோடும், மந்தரத்தை ஒரு ஸ்தாயி கீழேயும், பஞ்சமத்தையும் காதாலேயே தோராயமாகச் சேருங்கள்.

இப்போது நூல். குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலை நுழைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் ஒலி மந்தமாக இருக்கும், இன்னொரு இடத்தில் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் சட்டென்று திறந்துகொண்டு ரீங்காரம் விரியும். அங்கேயே விட்டுவிடுங்கள். நூல் நுழைந்ததால் சுருதி சற்று மாறியிருக்கும். அதைக் குதிரைக்குக் கீழே உள்ள மணிகளால் சரிசெய்ய வேண்டும். மணியைக் குதிரையிலிருந்து கீழே தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் கொண்டுவந்தால் இறங்கும்.

நான் மாதக்கணக்கில் தவித்தது இதற்கடுத்த கட்டத்தில்தான். ஆப்பில் பஞ்சமம் `G2` என்று பச்சையாகக் காட்டும், ஆனால் மீட்டினால் ஒலி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாடினால் பஞ்சமத்தில் நிற்கவே முடியாது. தந்தி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன்.

தந்தி நன்றாகத்தான் இருந்தது. ஆப் பார்ப்பது பியானோ கணக்கு. சாரணி 130.81 ஹெர்ட்ஸ் என்றால், அதோடு இசையும் கீழ்ப் பஞ்சமம் அதில் முக்கால் பங்கு, அதாவது 98.11. ஆப் சொல்வது 98.00. வித்தியாசம் அற்பம்தான். ஆனால் ஒவ்வொரு தந்தியும் தன் சுருதியோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு சுருதிகளையும் சேர்த்தே ஒலிக்கிறது. பஞ்சமத்தின் நான்காம் மடங்கு 392.0, சாரணியின் மூன்றாம் மடங்கு 392.4. இவை இரண்டும் மோதும்போது சுமார் இரண்டேகால் விநாடிக்கு ஒரு அலை எழும். நான் கேட்டது அதைத்தான்.

சாதாரணமாக, தந்தியை நட்டநடுவில் மீட்டினால் நான்காம் மடங்கு ஒலிக்கவே கூடாது. தம்புராவில் ஒலிக்கிறது. குதிரையும் நூலும் செய்யும் வேலை இது என்பதை சி.வி. ராமன் 1921-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நூலைச் சரியாக வைத்த பிறகே பஞ்சமத்தை முடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான். நூல் இல்லாவிட்டால் ஒப்பிட வேண்டிய ஒலியே காதில் விழாது.

ஆகவே பஞ்சமத்தையும் சாரணியையும் மட்டும் அடுத்தடுத்து மீட்டி, மணியைத் துளித்துளியாகக் கீழே தள்ளுங்கள். அலை நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போது ஆப்பைத் திறந்தால் முள் நடுவிலிருந்து ஒரு நூல் வலப்பக்கம் இருக்கும். இருக்கட்டும், காதை நம்புங்கள். நான்கும் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம், மந்தரத்தை மட்டும் மீட்டும்போது யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் மேலே தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள்.

இவ்வளவு பாடு ஏன் என்று என் மாணவி கேட்டாள். அவளை மோகனம் பாடச் சொல்லிவிட்டு, தம்புராவை அவளுடைய காந்தாரத்துக்கு மாற்றி மீட்டினேன். அதே ஐந்து ஸ்வரங்கள், ஆனால் கேட்டது ஹிந்தோளம். எது ஸட்ஜம் என்பதைப் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் ஒருசேரச் சொல்வது பின்னால் ஒலிக்கும் இந்த நான்கு தந்திகள்தான். அங்கே அலை அடித்தால் ஸட்ஜமே ஆடுகிறது.

பிற்சேர்க்கை: புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்றவற்றுக்கு மத்யம சுருதி வைப்பது எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். பஞ்சமத் தந்தியை மட்டும் சாரணியில் மூன்றில் இரண்டு பங்குக்கு, ஒரு கட்டையில் சுமார் 87.2 ஹெர்ட்ஸுக்கு, இறக்குங்கள். ஒரு தந்தி தளர்ந்தால் மற்றவை சற்று ஏறிவிடும். அதனால் மத்யமம் நின்றபின் சாரணியை மறுபடி பார்த்து, அதற்கேற்ப மத்யமத்தை இன்னொரு முறை சேருங்கள். பிருடை நழுவுகிறது என்றவர், அதைக் கழற்றி, துளைக்குள் போகும் பகுதியில் சாக்பீஸ் தடவிப் பார்க்கவும்.