முதல் ஃப்ரீலான்ஸ் ஸ்கில்: கோர்ஸுக்கு முன்னாடி ஜாப் போஸ்ட் படிங்க

எந்த ஸ்கில்ல ஆரம்பிக்கலாம்னு குழப்பமா இருந்தா, கோர்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி அப்வொர்க் மாதிரி ஒரு ஃப்ரீலான்ஸ் வேலை சைட்ல உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச சாஃப்ட்வேர் பேரைப் போட்டுத் தேடி, புதுசா வந்த ஒரு 20 போஸ்ட்டை முழுசா படிங்க. அதுல எந்த வேலைக்கு இன்னைக்கு ராத்திரியே ஒரு சாம்பிள் செஞ்சு காட்ட முடியுமோ அதையே முதல்ல விக்கலாம்.

உதாரணத்துக்கு அக்கவுன்ட்ஸ் தெரிஞ்சவர் எக்செல்னு தேடினா முதல்ல வெறும் டேட்டா என்ட்ரியாதான் வரும், அதுல வேலை கேட்டு மத்தவங்க அனுப்புன ப்ரபோசலே 50+ கிடக்கும், ரிவ்யூ இல்லாத புது ஆளை யார் திறந்து பாக்கப் போறா. கொஞ்சம் கீழ போனா, பிடிஎஃப் பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஷீட்ல ஏத்தி, கணக்குப் புக்ஸோட ஒத்துப் பாத்து, வித்தியாசம் எங்கன்னு சொல்லணும்னு கேக்குற போஸ்ட் கண்ணுல படலாம். இதுக்கு டைப்பிங் மட்டும் பத்தாது, கணக்கு தெரியணும், அதனால போட்டி குறையும். டம்மி ஸ்டேட்மென்ட் ஒண்ணு தயார் பண்ணி முடிச்ச ஷீட்டை ப்ரபோசலோட வச்சா, ரிவ்யூ இல்லாத குறையை அது ஓரளவு ஈடுகட்டும்.

ப்ரபோசல் கம்மியா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க, பேமென்ட் வெரிஃபை ஆகாத, இதுவரைக்கும் யாரையும் ஹயர் பண்ணாத க்ளையன்ட்டா இருந்தா அதை டிமாண்ட்ல சேக்காதீங்க. லைசென்ஸ் தேவைப்படுற வேலைகளுக்கு இந்த வழி ஒத்து வராது.