வார இறுதிச் சந்தைக் கடைக்கு அறிவித்தல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வார இறுதிச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் புதிதாகக் கடை போடுவோரின் அறிவித்தல்களில், ஆண்டுதோறும் அதே தவறுகளையே காண்கிறேன். எழுத்துப் பிழையையும் மங்கிய படத்தையும் வீட்டிலுள்ளவர்களே சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"கடற்கரையில்" என்று மட்டும் எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த இந்த நகரத்தில் "கடற்கரை" என்பது முகவரியே அல்ல. நகரத்தவருக்கு அது பெரும்பாலும் டச்சுக் குடா. உப்புவெளி விடுதிகளில் தங்கியிருப்பவருக்கோ, அறையிலிருந்து இறங்கியதும் காலில் படும் மணல்தான் கடற்கரை.

பனம்பொருளும் ஒடியற்கூழும் விற்கும் ஒரு தங்கை, டச்சுக் குடாவில் போட்ட கடைக்கு "திருகோணமலைக் கடற்கரையில் சந்திப்போம்" என்று முகநூலில் எழுதியிருந்தார். மாலை முழுவதும் உப்புவெளியிலிருந்து அழைப்புகள் வந்தன. ஒரு கையில் தொலைபேசியும் மறுகையில் அகப்பையுமாக அவர் வழி சொல்லிக்கொண்டிருக்க, எதிரே நின்றவர்கள் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போனார்கள். முச்சக்கர வண்டி பிடித்து ஒருவாறு வந்து சேர்ந்தவர்களுக்கோ கூழ் மிஞ்சவில்லை.

அவர் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: "டச்சுக் குடாக் கடற்கரை, பிரெட்ரிக் கோட்டைக்குத் தெற்கே, நுழைவாயிலிலிருந்து இடப்புற வரிசை, மஞ்சள் கூடாரம்." முதற்பகுதி முச்சக்கர வண்டிச் சாரதிக்கு, மற்றவை உள்ளே நடந்து வருபவருக்கு. கடை இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் அதைக் காலையிலும் மாற்றக்கூடும், கூடாரத்தின் நிறம் மாறாது. கூகுள் வரைபட இணைப்பையும் அந்த இடத்திலேயே நின்று எடுங்கள். வீட்டிலிருந்து ஊர்ப் பெயரைத் தேடி எடுத்த இணைப்பு, ஆட்களை நகரின் நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

திகதியில்லாத படம்

"இந்தச் சனிக்கிழமை" என்ற படம் வாட்ஸ்அப்பில் அடுத்த சனிக்கிழமையும் சுற்றும். திகதியைப் படத்திலேயே பொறியுங்கள்.

சந்தை நேரத்தையே சுவைக்கும் நேரமாக அறிவிப்பது

சந்தை காலை 10 மணிக்குத் திறந்தாலும், வெயில் தணிந்த பிறகே கூட்டம் சேரும். ஆகவே ஒடியற்கூழைக் காலையிலேயே இறக்கிவைத்தால், அது கெட்டியாகி, சுவைக்க ஆள் வரும் வேளையில் அடிப்பானைக் கூழாகத்தான் இருக்கும். "கூழ் மாலை 5 மணிக்கு, முடியும் வரை" என்று எழுதுங்கள். அதில் மீனும் நண்டும் இறாலும் சேர்ந்திருந்தால் அதையும் அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும். சிலருக்கு இறாலும் நண்டும் ஒவ்வாது, புரட்டாதிச் சனியன்று விரதமிருப்பவர்களும் பலர். மரக்கறிக் கூழுக்குத் தனிப் பானையும் தனி அகப்பையும் இருந்தால் மட்டுமே அதை மரக்கறிக் கூழ் என்று அறிவியுங்கள்.

"50 சதவீதம் வரை கழிவு"

எந்தப் பொருள், பழைய விலை எவ்வளவு, புதிய விலை எவ்வளவு, எத்தனை மணி வரை என்று எழுதுங்கள்.

மழை

ஐப்பசி முதல் தை வரை, மழை பெய்தால் சந்தை எந்த மண்டபத்துக்கு மாறும் என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அறிவித்தலின் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.