இரண்டு ஞாயிறு, ஒரே திண்ணை

எங்கள் குறும்படத்தில் அப்பாவும் மகனும் திண்ணையில் பேசும் காட்சியை இரண்டு ஞாயிறுகளில் எடுத்தோம். முதல் வாரம் வெயில், அடுத்த வாரம் மேகமூட்டம். கேமராவில் வெள்ளைச் சமநிலை இரண்டு நாளும் வெயிலுக்கு ஏற்ற 5600 கெல்வின்தான். வெட்டி ஒட்டியதும் அப்பாவின் வேட்டி ஒரு ஷாட்டில் வெள்ளை, அடுத்ததில் நீலம் போட்ட மாதிரி!

இரண்டு நாள் ஷாட்டுகளின் நிறத்தையும் பொருத்த முதலில் நான் செய்த தப்பு, நேராக முகத்தின் நிறத்தில் கை வைத்தது. அரை நாள் போச்சு. அப்புறம் வெயில் ஷாட் ஒன்றை அளவுகோலாக வைத்து, ஸ்டில் எடுத்து, திரையில் பாதிப்பாதியாக ஒப்பிட்டேன். நிறம் திருத்தும் மென்பொருளான ரிசால்வில், சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் Parade வரைபடத்தைத் திறந்தால் விஷயம் அப்பட்டம்: மேகமூட்ட ஷாட்டில் வேட்டி இருக்கும் இடத்தில் நீலம் சிவப்பைவிட உயரத்தில் நின்றது. தலைமுடியின் கறுப்பும் வெளிறி, மேலே மிதந்தது.

இருண்ட பகுதிகளை மாற்றும் Lift-ஐ இறக்கிக் கறுப்பைத் தரைக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சமான பகுதிகளை மாற்றும் Gain-இல் நீலத்தைக் குறைத்து, வேட்டியில் மூன்று நிறங்களையும் சமமாக்கினேன். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், அதனால் இரண்டு சுற்று தேவைப்பட்டது. இடைப்பட்ட வெளிச்சத்தை மாற்றும் Gamma-வில் முகத்தின் வெளிச்சத்தைப் பொருத்தியதும், நிறம் முக்கால்வாசி தானாகவே சரியாகிவிட்டது.

தூண் நிழலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயிலில் கத்தி மாதிரி விழுந்த நிழல் மேகமூட்டத்தில் இல்லவே இல்லை. தூண் தெரியும் அகல ஷாட்டுகளை முதல் வாரத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன்.