வரவேற்பறையில் மீன் தொட்டி: தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியைக் கடையில் காலியாகப் பார்க்கும்போது, இரண்டு பேர் எளிதாகத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். 150 லிட்டருக்கும் மேல் தண்ணீர், அதாவது 150 கிலோவுக்கும் மேல், அதில் நிரம்பிய பிறகு, கண்ணாடி, சரளைக்கல், மரக்கட்டை ஆகியவற்றையும் சேர்த்தால் எடை 200 கிலோவைத் தாண்டிவிடும். அதன் பிறகு இடம் மாற்ற வேண்டுமானால் மீன்களை வெளியே எடுத்துத் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும்.

தளத்தைப் பற்றிக் கவலைப்படுகிற பலர், தொட்டி எதன்மேல் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. நான் பார்த்தவரையில் அதிகம் நடக்கும் தவறு, டிவி அலமாரியின்மேல் தொட்டியை வைப்பதுதான். எங்கள் வீட்டில் அப்படி வைத்த சில வாரங்களில் அலமாரியின் கதவு மேல்விளிம்பில் உரசத் தொடங்கியது. மேல்பலகை நடுவில் தொய்ந்திருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால், சிந்தும் தண்ணீரில் அதன் ஓரம் ஊதி வலுவிழக்கும். தொய்ந்த பலகை அடிக்கண்ணாடியைச் சீராகத் தாங்காது என்பதால், கண்ணாடி விரிசல் விடலாம், அல்லது சிலிக்கான் ஒட்டு பிரியலாம். எனவே, இந்த எடைக்கென்றே செய்த இரும்பு ஸ்டாண்டின்மேல் 18 மி.மீ. பிளைவுட்டும், சட்டமில்லாத தொட்டியானால் அதன்மேல் மெல்லிய தெர்மோகோல் தாளும் இடுவது நல்லது. கான்கிரீட் தளமுள்ள வீட்டில், அறையின் நடுப்பகுதியை விட, தூலத்தின்மேல் அமைந்த சுவரோரமே பாதுகாப்பானது. பழைய மரத்தளமானால் பொறியாளரிடம் கேட்காமல் வைக்கக்கூடாது. ஸ்டாண்டின் கால் வரும் டைல்களை நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரத்தை நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், தண்ணீரை இறக்கிவிட்டு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டுமே தவிர, தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே எதையும் செருகக்கூடாது.

சன்னலோரம் அழகாக இருக்கும். ஆனால் மேற்கு வெயில் நேரடியாகப் படும் இடத்தில் தண்ணீர் சூடாகும், கண்ணாடியில் பாசி படரும். உட்சுவர் ஓரம் வைத்து, விளக்கை டைமர் மூலம் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிடுவதே போதுமானது.

திறந்த தொட்டியில், மின்விசிறிக் காற்றுபடும்போது தண்ணீர் விரைவாக ஆவியாகி, ஈரம் பின்சுவரில் தங்கும். பெயின்ட் கொப்புளித்து உதிர்வது அதன் அடையாளம். கண்ணாடி மூடியும், சுவரிலிருந்து நான்கு அங்குல இடைவெளியும் இதைப் பெருமளவு குறைக்கும். அந்த இடைவெளியில் வடிகட்டியின் குழாயும் கையும் போய்வர முடியும். மின்கம்பியைத் தொட்டியிலிருந்து பிளக்குக்கு நேராக இழுக்காமல், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலேற்ற வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் தண்ணீர், பிளக்கை எட்டாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.