மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பும்போது செய்யும் தவறுகள்

புரோகிராம் எழுதுபவர்களில் பலர் ஒரு கட்டத்தில் மானிட்டரைத் திருப்பி நிமிர்த்தி வைத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் ஒரே வாரத்தில் பழையபடி படுக்க வைத்துவிடுகிறார்கள். "எழுத்து ஒரு மாதிரி இருக்கு, கண்ணு வலிக்குது" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். அது பழக்கக் குறைவு இல்லை. படுக்கை வாக்கில் பார்ப்பதற்காகவே செய்த ஒரு பொருளை நிமிர்த்தும்போது, அதற்குள் திசையைச் சார்ந்து இருக்கும் எல்லாமே சேர்ந்து திரும்புகிறது. இதைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு.

பெரிய சேதம் பேனலில்தான், அதாவது படம் காட்டும் திரைத்தட்டில்தான் நடக்கிறது. நான் முதலில் திருப்பியது ஒரு பழைய 22 இன்ச் மானிட்டர், டிஎன் என்ற வகைப் பேனல். திருப்பிய அன்றே திரையின் ஒரு ஓரம் வெளுத்தும் மறு ஓரம் இருண்டும் தெரிந்தது. பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், மாறவில்லை. டிஎன் பேனலைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஓரளவு தாங்கும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் கெட்டுவிடும். நிமிர்த்தியதும் அந்த மேல்-கீழ் கோளாறு இடம்-வலமாகிவிடுகிறது. நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால், ஒரே இடத்தை இடக்கண் ஒரு நிறத்திலும் வலக்கண் இன்னொரு நிறத்திலும் பார்க்கின்றன. கண் வலி அங்கிருந்துதான் வருகிறது. இதற்கு செட்டிங்கில் மருந்து கிடையாது.

வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். மானிட்டர் படுத்த நிலையிலேயே இருக்கட்டும். வெளிர்சாம்பல் நிறப் பின்னணியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, முழங்கால் மடக்கிக் கீழிருந்து பாருங்கள். அப்புறம் எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். நிறம் பெரிதாக மாறாவிட்டால் அது திருப்பத் தகுந்த பேனல். ஐபிஎஸ் பேனல்கள் பொதுவாக இதில் தேறிவிடும். விஏ பேனல்களில் இருட்டான நிறங்கள் கோணத்துக்குக் கோணம் சற்று மாறும். டார்க் தீமில் வேலை செய்பவர்கள் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஸ்டாண்ட். உயரம் கூட்டிக் குறைக்க முடிகிறது என்பதால் திருப்பவும் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. விவரப் பட்டியலில் பிவட் என்ற சொல் தனியாக இருக்க வேண்டும். டில்ட் என்று மட்டும் இருந்தால் முன்னும் பின்னும் சாய்க்கலாம், அவ்வளவுதான். பிவட் இல்லாவிட்டாலும் பின்னால் தாங்கியைத் திருகுவதற்கென்று 100 மி.மீ. சதுரத்தில் நான்கு வெசா துளைகள் இருந்தால் வழி இருக்கிறது. அந்தத் துளைகள் சதுரமாக இருப்பதால், தனியாக வாங்கும் மானிட்டர் ஆர்ம் என்ற தாங்கியில் மானிட்டரை நேராகவே நிமிர்த்தி வைத்துத் திருகிவிடலாம். ஆர்முக்குச் சுழலும் வசதி இருக்க வேண்டியதில்லை. மானிட்டரின் எடையைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

பிவட் உள்ள ஸ்டாண்டிலும் பலர் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். 24 இன்ச் என்பது மூலைக்கு மூலை 61 செ.மீ. சுற்றும்போது பாதி வழியில் ஒரு மூலை நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 31 செ.மீ. கீழே இறங்கும். திரையின் நடு மேசையிலிருந்து அதைவிட உயரத்தில் இல்லையென்றால் மூலை மேசையிலோ ஸ்டாண்டின் அடித்தட்டிலோ இடிக்கும். அதனால் முதலில் முழு உயரத்துக்கு ஏற்றுங்கள், மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், பிறகு இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் இறுகி நின்றால் மறுபக்கம் முயலுங்கள். சில ஸ்டாண்டுகள் ஒரு திசையில் மட்டுமே சுற்றும், அழுத்தினால் கீல் உடையும். பின்னாலுள்ள கேபிள்களில் தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் சுற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சுற்றி முடித்ததும் அதே உயரத்தில் விட்டுவிடுவது அடுத்த தவறு. நிமிர்ந்த 24 இன்ச் திரை 53 செ.மீ. உயரம். நான் உட்கார்ந்தால் என் கண் மேசையிலிருந்து 46 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. திரையின் அடி மேசைக்கு மேல் 5 செ.மீ.யில் இருந்தாலே உச்சி 58க்குப் போய்விடும், அதாவது கண்ணுக்கு மேல் 12 செ.மீ. நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடிக்காமல் என்ன செய்யும்? முடிந்த அளவு கீழே இறக்கி, உச்சியைப் பின்னால் சாய்த்து, வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி வையுங்கள். நான் எடிட்டரை மேல்-கீழாகப் பிரித்து, எப்போதாவது பார்க்கும் கோப்பை மேலேயும், எழுதும் கோப்பைக் கீழேயும் வைத்திருக்கிறேன். 27 இன்ச்சில் உயரம் 60 செ.மீ. ஆகிவிடும், எனக்கு அது அதிகம்.

இனி செட்டிங். விண்டோஸில் `Settings > System > Display` போய் `Display orientation` என்பதில் `Portrait` தேர்ந்தெடுக்க வேண்டும். படம் தலைகீழாக வந்தால் `Portrait (flipped)`. மானிட்டரைக் கையால் திருப்பிய பிறகே இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் நினைத்த பக்கம் போகாமல் திணறுவீர்கள். திணறினாலும் பரவாயில்லை, எதையும் தொடாமல் 15 விநாடி இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். லினக்ஸில் திரையைக் கையாள்வது எக்ஸ்11 என்றால் இந்தக் கட்டளை போதும்:

```
xrandr --output HDMI-1 --rotate left
```

`HDMI-1` என்ற இடத்தில் உங்கள் திரையின் பெயர் வர வேண்டும். வெறும் `xrandr` அடித்தால் அது தெரியும். எக்ஸ்11க்குப் பதில் வேலாண்ட் என்றால் இந்தக் கட்டளை உதவாது, டிஸ்ப்ளே செட்டிங் வழியாகத்தான் திருப்ப வேண்டும்.

திரும்பிவிட்டதே என்று இத்தோடு நிறுத்துபவர்கள் எழுத்தைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பெரும்பாலான மானிட்டர்களில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. விண்டோஸின் கிளியர்டைப் அந்த வரிசையை நம்பித்தான் எழுத்தின் ஓரங்களை மென்மையாக்குகிறது. நிமிர்த்தியதும் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகிவிடுகின்றன, கணக்கு தப்பிவிடுகிறது. ஸ்கிரீன் அருகே போய் 'l' போன்ற நேர்க்கோட்டு எழுத்தையோ, 'ணை'யின் சுழிகளையோ பாருங்கள். ஓரத்தில் மெல்லிய சிவப்பு, நீலச் சாயம் தெரிந்தால் இதுதான் காரணம். `cttune` என்று தேடித் திறந்து `Turn on ClearType` டிக்கை எடுத்துப் பாருங்கள். பக்கத்து மானிட்டரிலும் அது நின்றுவிடும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில்:

```
gsettings set org.gnome.desktop.interface font-antialiasing 'grayscale'
```

27 இன்ச் 4கே போன்ற நெருக்கமான பிக்சல் உள்ள திரைகளில் இந்தச் சாயம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. 24 இன்ச் எஃப்எச்டியில் நன்றாகவே தெரியும்.

அகலமும் குறைகிறது. எஃப்எச்டி திரையில் 1080 பிக்சல்தான் மிஞ்சும், ஸ்கேலிங் 125% வைத்தால் எடிட்டருக்கு அது 864 ஆகத் தெரியும். அதில் சைட்பாரும் மினிமேப்பும் திறந்திருந்தால் 80 எழுத்து வரிகூட முழுதாக அடங்காது. விஎஸ் கோடில் மினிமேப்பை நிறுத்திவிட்டு, 100ஆவது எழுத்தில் ஓர் எல்லைக்கோடு போட்டு, சைட்பாரைத் தேவைப்படும்போது மட்டும் `Ctrl+B` அழுத்தித் திறக்கிறேன்:

```json
"editor.minimap.enabled": false,
"editor.rulers": [100]
```

படிப்பதற்கு இந்த அகலமே தாராளம். 24 இன்ச்சில் ஒரு ஏ4 பிடிஎஃப்பை அகலத்துக்குப் பொருத்தினால் பக்கம் ஏறக்குறைய ஏ3 அளவுக்கு முழுதாகத் தெரியும், அதன்பிறகும் 11 செ.மீ. இடம் மிச்சம் இருக்கும்.

பக்கத்தில் படுத்த மானிட்டர் ஒன்று இருந்தால் டிஸ்ப்ளே செட்டிங்கில் இரண்டு பெட்டிகளையும் மேசையில் உள்ளபடியே இழுத்து வையுங்கள். 1920 உயரத்துக்குப் பக்கத்தில் 1080 உயரம் நிற்பதால், நிமிர்ந்த திரையின் ஓரத்தில் ஒரு பகுதிக்கு எதிரே ஒன்றும் இருக்காது, அங்கே மவுஸ் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். சின்னப் பெட்டியைப் பெரியதன் நடுவுக்கோ அடிக்கோ, உண்மையில் இருக்கும் உயரத்துக்கு நகர்த்தினால் கண் எதிர்பார்க்கும் இடத்திலேயே மவுஸ் கடக்கும்.