கூட்டத்தைத் தவறவிட்டால் முதல் செய்தியிலேயே புது நேரம்

டர்பனில் இருந்து சென்னைக்காரர் ஒருவரோடு காலை 10 மணிக்கு வீடியோ கூட்டம், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நினைவு வந்ததுமே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்:

“வணக்கம் ஐயா. இன்றைய கூட்டத்துக்கு நான் வரவில்லை, தவறு என்னுடையது. காத்திருக்க வைத்ததற்கு மன்னியுங்கள். இன்று சென்னை நேரம் மாலை 4.30 (டர்பன் 1.00) அல்லது நாளை காலை 10.30 (டர்பன் 7.00), எது உங்களுக்கு வசதி? விலைப்பட்டியலை இப்போதே மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.”

காரணத்தை நீட்ட வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது அடுத்து எப்போது என்பதுதான். “எப்போது வசதி?” என்று மட்டும் கேட்டால், நாள் தேடும் வேலையும் அவர் தலையில் விழும், அப்புறம் நாலைந்து செய்திகள் போய் வரும்.

சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நாம் மதியம் 3 மணி என்றால் அங்கே மாலை 6.30, அலுவலகம் மூடியிருக்கலாம். தவறவிட்டவர் நாம் என்பதால், அசௌகரியமான நேரத்தை நாமே ஏற்பதுதான் முறை. மேலே காலை 7 மணியைச் சொன்னது அதற்காகத்தான்.

அவர் ஒன்றைத் தேர்ந்ததும் காலண்டர் அழைப்பை உடனே அனுப்பிவிடுங்கள்.